மூணு மாசம் பாட்டு வேணாம்னா பாஸா, கேன்சலா?

கேள்வி: அண்ணே, எக்ஸாமுக்குப் படிக்கிறதால யூட்யூப் பிரீமியத்த மூணு மாசம் நிறுத்தலாம்னு இருக்கேன். கொஞ்ச நாளைக்கு பாஸ், அதாவது Pause, பண்ணவா, இல்ல ஒரேயடியா கேன்சல் பண்ணவா? 400 பாட்டு வச்சிருக்கற பிளேலிஸ்ட்டும், டவுன்லோடு பண்ணி வச்சதும் போயிடுமா?

பதில்: பிளேலிஸ்ட்ட பத்தி கவலையே படாத தம்பி, அது உன் கூகுள் அக்கவுண்ட்டுல இருக்கு, பிரீமியத்துல இல்ல. எத பண்ணாலும் 400 பாட்டும் அப்படியே இருக்கும். ஆனா கேக்கும்போது நடுவுல விளம்பரம் வரும், ஸ்க்ரீன ஆஃப் பண்ணா பாட்டு நின்னுடும், அவ்ளோதான்.

டவுன்லோடு கதை வேற. அது போன்ல இருந்தாலும் நமக்குச் சொந்தமான ஃபைல் கிடையாது, ஆப்புக்குள்ள பூட்டி வச்சிருக்கறது, பைல் மேனேஜர்ல தேடினாலும் பாட்டா கிடைக்காது. மெம்பர்ஷிப் இருக்கும்போதே மாசத்துக்கு ஒருவாட்டியாவது நெட்டு ஆன் பண்ணலன்னா அது பிளே ஆகாது, பூட்டு அவ்ளோ கெட்டி. பாஸ் பண்ணா அந்த டவுன்லோடு எல்லாம் அங்கயே கிடக்கும், பிளே மட்டும் ஆகாது, திரும்ப ஆரம்பிச்சதும் வேலை செய்யும். கேன்சல்னா அது கைவிட்டுப் போச்சுன்னு வச்சுக்க, மறுபடி சேர்ந்தா முதல்ல இருந்து இறக்கணும்.

மூணு மாசம்தான்னா நான் பாஸ்தான் சொல்வேன். பிரவுசர்ல youtube.com/paid_memberships போய் Manage membership, அப்புறம் Deactivate. பேர பாத்து பயந்துடாத, அதுக்குள்ளதான் Pause instead இருக்கு. 1 மாசத்துல இருந்து 6 மாசம் வரைக்கும் கேக்கும். ஆப்பிள் மூலமா காசு கட்டுறவங்களுக்கும் வருஷ பிளான்ல இருக்கறவங்களுக்கும் இந்த வசதி இல்ல, அதனால ஆப்ஷன் வரலன்னா முதல்ல அத பாரு.

உன் பில் தேதி 12னு வச்சுக்குவோம். 3ந்தேதி பாஸ் போட்டாலும் 12 வரைக்கும் எல்லாம் ஓடும், ஏன்னா அதுக்கு காசு கட்டியாச்சு. அங்க இருந்துதான் மூணு மாசம் எண்ணுவாங்க. முடிஞ்சதும் உன்னக் கேக்காமலே பழையபடி காசு எடுத்துடுவாங்க, இங்கதான் எல்லாரும் மாட்டுறது. நானும் ஒரு ஆப்புல பாஸ் போட்டுட்டு மறந்தே போயி, ரெண்டு மாச காசு போனப்புறம்தான் பேங்க் மெசேஜ உத்துப் பாத்தேன். ஆட்டோபே காசு எடுக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி ஒரு மெசேஜ் வரணும்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு, ஆனா அத யாரு படிக்கிறா. போன் காலண்டர்ல தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடியே அலாரம் போட்டு வை.

அப்புறம் இன்னொன்னு, யுபிஐ ஆப்புல போய் ஆட்டோபேய மட்டும் நிறுத்திட்டு பாஸ் பண்ணிட்டேன்னு நினைக்காத. அது காசு போற வழிய அடைக்கிறதுதான், யூட்யூப் பக்கம் பேமெண்ட் ஃபெயில்னுதான் தெரியும், கடைசில மெம்பர்ஷிப்பே கட் ஆகி நீ காப்பாத்த நினைச்ச டவுன்லோடும் சேந்து போயிடும்.