பரிந்துரை மின்னஞ்சலை யார் எழுதுவது, என்ன எழுதுவது?

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் மகள் விண்ணப்பித்திருக்கும் கணக்காளர் பணிக்காக, அவருடைய பழைய நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநரிடமே பரிந்துரை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. ஆளெடுப்பவருக்கு எழுதியவரின் பதவி முக்கியமில்லை; வேலையை நாள்தோறும் அருகிலிருந்து பார்த்தவரா என்பதே முக்கியம். எனவே கணக்குக் குழுவின் தலைவராக இருந்தவரே எழுதட்டும். அவரிடம் நீங்கள் பேசாமல் உங்கள் மகளே கேட்பது நல்லது. கேட்கும்போது பணி விளம்பரத்தையும், தாம் செய்த ஓரிரு வேலைகளை நினைவூட்டும் சிறு குறிப்பையும் அனுப்பட்டும். முழுக் கடிதத்தையும் தாமே எழுதிக் கொடுக்கக் கூடாது. ஆளெடுப்பவர் தொலைபேசியில் விசாரித்தால், எழுதாதவரால் அதை விளக்க முடியாது.

'நேர்மையானவர், கடின உழைப்பாளி' என்பவை எவருக்கும் பொருந்தும் சொற்கள். அவற்றுக்குப் பதிலாக, ஒரு திறமையையும் அது வெளிப்பட்ட நிகழ்வையும் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்ன விவரங்களைக் கொண்டு, அது ஏறத்தாழ இப்படி அமையலாம்:

"வணக்கம். இவர் இரண்டு ஆண்டுகள் என் நேரடிப் பொறுப்பில் பணியாற்றினார். கொள்முதல் பதிவேட்டை ஜி.எஸ்.டி. தளத்தின் GSTR-2B அறிக்கையோடு ஒப்பிடுவது இவருடைய வேலை. சரக்கு தருவோர் சிலர் GSTR-1 படிவத்தைத் தாமதமாகத் தாக்கல் செய்ததால், எங்களுக்குரிய உள்ளீட்டு வரி வரவு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. அவர்களுக்குக் கெடு 11ஆம் தேதி என்பதால், மாதத் தொடக்கத்திலேயே பில்களைப் பட்டியலிட்டு அவர்களைத் தொலைபேசியில் அழைத்து நினைவூட்டும் வழக்கத்தை இவர் தாமாகவே தொடங்கினார். 14ஆம் தேதி அறிக்கை வரும்போது விடுபட்ட பில்கள் பின்னர் வெகுவாகக் குறைந்தன. ஆண்டு இறுதித் தணிக்கையை இவர் தனியாகக் கையாண்டதில்லை. தணிக்கையாளர் கேட்ட ஆவணங்களைத் திரட்டித் தந்திருக்கிறார். வாய்ப்பு இருந்தால் இவரை மீண்டும் என் குழுவில் சேர்த்துக்கொள்வேன். மேலும் விவரம் தேவையெனில் என்னைத் தொலைபேசியில் அழைக்கலாம்."

தணிக்கை பற்றிய வாக்கியத்தை நீக்கிவிடச் சொல்ல உங்களுக்குத் தோன்றலாம். அருள்கூர்ந்து அப்படிச் செய்ய வேண்டாம். எல்லையை வெளிப்படையாகச் சொல்பவர் கூறும் பாராட்டை ஆளெடுப்பவர் நம்புவார். தணிக்கையை முழுமையாகப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும் நிறுவனமாக இருந்தால், அந்த வேலை தமக்குப் பொருந்தாது என்பது உங்கள் மகளுக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடும். சம்பளம், உடல்நலம், திருமணம், வேலையை விட்டதற்கான குடும்பக் காரணம் ஆகிய எதுவும் இந்த மின்னஞ்சலில் வேண்டியதில்லை.

அனுப்புவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பல நிறுவனங்களில், முன்னாள் ஊழியரின் பணிக்காலத்தையும் பதவியையும் மனிதவளத் துறை மட்டுமே உறுதிப்படுத்தலாம் என்ற விதி உண்டு. அங்கும் அப்படியானால், குழுத் தலைவர் நிறுவனத்தின் சார்பில் எழுத முடியாது. விதி இடம் தந்தால், இது தம் தனிப்பட்ட கருத்து என்று குறிப்பிட்டுத் தம் சொந்த முகவரியிலிருந்து எழுதலாம். பணிக்காலச் சான்றை மனிதவளத் துறையிடமிருந்து தனியாகப் பெற்றுக்கொள்ளுங்கள்.