ஷார்ட்ஸில் 60,000, நீள வீடியோவில் 2,000: யூடியூப் வியூஸ் கணக்கு குறித்த உங்கள் கேள்விகள்

சமையல் சேனல் நடத்துகிறேன். 8 நிமிட வீடியோ போட்டால் 2,000 வியூஸ் தாண்டுவதே கஷ்டம். அதே குழம்பை 40 விநாடி ஷார்ட்ஸாகப் போட்டால் 60,000 வருகிறது. அவ்வளவு பேர் நிஜமாகவே பார்க்கிறார்களா?

அந்த 60,000 என்பது ஆட்களின் எண்ணிக்கை இல்லை. வீடியோ எத்தனை முறை ஓடத் தொடங்கியது என்பதன் எண்ணிக்கை. ஒருவர் விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது உங்கள் ஷார்ட்ஸ் திரைக்கு வந்து ஓட ஆரம்பித்தாலே ஒரு வியூ ஆகிவிடும். அரை விநாடியில் தள்ளிவிட்டுப் போனாலும் அது வியூதான். முழுதாகப் பார்த்து, அது தானாகவே திரும்ப ஓடினால் இன்னொரு வியூ. ஆக, தாளிப்பு ரசித்து மூன்று முறை பார்த்த ஒருவரும், பார்க்காமலே கடந்துபோன மூன்று பேரும் இந்தக் கணக்கில் ஒன்றுதான்.

நீள வீடியோ அப்படி இல்லை. அங்கே ஒருவர் தலைப்பையும் தம்ப்நெயிலையும் பார்த்து, தானே தேர்ந்தெடுத்துத் தட்டித் திறக்க வேண்டும். ஷார்ட்ஸில் அந்த முடிவைப் பார்வையாளர் எடுப்பதில்லை. ஃபீட்தான் அவர் முன்னால் கொண்டுவந்து வைக்கிறது. இரண்டையும் ‘வியூ’ என்ற ஒரே சொல்லால் அழைப்பதால்தான் இத்தனை குழப்பம். உங்கள் 2,000 பேரும் கடைக்குள் வந்தவர்கள். அந்த 60,000-இல் தெருவில் கடந்து போனவர்களும் சேர்ந்திருக்கிறார்கள்.

2025 ஏப்ரலில் என் ஷார்ட்ஸ் வியூஸ் திடீரென்று ஏறியது. வருமானம் மட்டும் அப்படியே இருந்தது. ஏன்?

2025 மார்ச் 31 முதல் எண்ணும் முறை மாறியதுதான் காரணம். அதுவரை ஷார்ட்ஸைக் குறிப்பிட்ட சில விநாடிகளாவது பார்த்தால்தான் வியூ. அன்றிலிருந்து குறைந்தபட்ச நேரம் எதுவும் கிடையாது. ஓடத் தொடங்கினாலும் மறுபடி ஓடினாலும் எண்ணப்படும்.

பழைய கணக்கை யூடியூப் தூக்கிப் போடவில்லை. Engaged views என்ற பெயரில் உள்ளே வைத்திருக்கிறது. பணம் அதை வைத்துத்தான் கணக்காகிறது. ஷார்ட்ஸ்களுக்கு இடையில் வரும் விளம்பர வருமானம் ஒரு பொதுத் தொகையாகச் சேர்ந்து, பார்வைப் பங்குக்கு ஏற்பப் பிரிக்கப்பட்டு, உங்களுக்கு ஒதுக்கப்பட்டதில் 45 சதவீதம் கைக்கு வரும். அந்தப் பங்கை அளக்கும் கோல் மாறவில்லை, அதனால் பணமும் மாறவில்லை. உங்கள் சேனலில் தவறு எதுவும் இல்லை.

பார்ப்பது சுலபம். கணினியில் YouTube Studio திறந்து Analytics போய், Advanced mode-க்குள் நுழைந்து, அளவீடுகளின் பட்டியலில் Engaged views-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். வியூஸும் அதுவும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும் ஷார்ட்ஸில், முதல் காட்சியிலேயே ஆட்கள் தள்ளிவிட்டுப் போகிறார்கள் என்று பொருள். அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

மாதம் 62,000 வியூஸ் வருகிறது. அப்படியிருந்தும் மானிட்டைசேஷனுக்கான 4,000 மணி நேரம் நகரவே மாட்டேன் என்கிறது. (முதல் கேள்வி கேட்ட அதே வாசகி)

நீங்கள் அனுப்பிய எண்களையே வைத்துப் போட்டுப் பார்த்துவிடுவோம். விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு இரண்டு வழிகளில் ஒன்று: கடந்த 12 மாதங்களில் பொதுவில் இருக்கும் வீடியோக்களில் 4,000 மணி நேரப் பார்வை, அல்லது கடந்த 90 நாட்களில் 1 கோடி செல்லுபடியாகும் ஷார்ட்ஸ் வியூஸ். ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்த நேரம் 4,000 மணியில் சேராது. உங்களுக்கு நகராமல் இருப்பது அதனால்தான்.

நீள வீடியோ 2,000 வியூஸ், சராசரியாக 3 நிமிடம் பார்க்கிறார்கள் என்கிறீர்கள். 6,000 நிமிடம், அதாவது மாதம் 100 மணி நேரம். இப்படியே போனால் ஆண்டுக்கு 1,200 மணி. தேவையில் 30 சதவீதம். ஷார்ட்ஸில் 28 நாளில் Engaged views 38,000 காட்டுகிறது. இந்த வழிக்கு எண்ணப்படுவது அதுதான். 90 நாளுக்குக் கணக்கிட்டால் சுமார் 1.2 லட்சம். 1 கோடியில் இது 1 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

அதாவது உங்களுக்குச் சின்னதாகத் தெரிகிற அந்த 2,000 உங்களை இலக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரம் கொண்டுபோகிறது. மலைக்க வைக்கிற 60,000 வாசலிலேயே நிற்கிறது. நீள வீடியோவை நிறுத்திவிடலாமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். சராசரி 3 நிமிடத்தை 4 ஆக்கினாலே ஆண்டுக்கு 1,600 மணி வந்துவிடும்.

2 நிமிட வீடியோவை ஷார்ட்ஸாகப் போடவில்லை. ஆனாலும் ஷார்ட்ஸில் போய் உட்கார்ந்துவிட்டது.

2024 அக்டோபர் 15-க்குப் பிறகு ஏற்றிய வீடியோ 3 நிமிடத்துக்குள் இருந்து, வடிவம் சதுரமாகவோ செங்குத்தாகவோ இருந்தால் அது ஷார்ட்ஸ்தான். மணி நேரக் கணக்கு வேண்டுமென்றால் போனைக் கிடையாகப் பிடித்து எடுங்கள்.

நீள வீடியோவை 30 விநாடி பார்த்தால்தான் வியூ என்கிறார்களே, உண்மையா?

நீள வீடியோவுக்கு இத்தனை விநாடி என்று யூடியூப் அறிவித்ததே இல்லை. 30 விநாடி என்பது விளம்பரதாரர்களுக்கான விதி: தள்ளிவிடக்கூடிய விளம்பரத்தை 30 விநாடியோ, அதைவிடச் சிறியதென்றால் முழுதாகவோ பார்த்தால், அல்லது அதைத் தட்டினால், ஒரு வியூ. அங்கிருந்துதான் இந்தப் பேச்சு பரவியிருக்க வேண்டும். அப்புறம், வீட்டில் நாலு போனில் திரும்பத் திரும்ப ஓடவிடுவதில் பயனில்லை. இயல்பில்லாத வியூஸைச் சரிபார்த்துக் கழித்துவிடுவார்கள். போட்ட வீடியோவில் எண்ணிக்கை ஒருநாள் குறைந்து தெரிவது பெரும்பாலும் இதனால்தான்.

வீடியோவின் கீழே ஒரு எண், Studio-வில் வேறொரு எண். எதை நம்புவது?

முதலில் தேதியைப் பாருங்கள். Analytics திறந்ததும் காட்டுவது கடைசி 28 நாள் கணக்கு. வீடியோவின் கீழே இருப்பது மொத்தக் கணக்கு. Lifetime என்று மாற்றினால் பாதிப் பேருக்குச் சிக்கல் தீர்ந்துவிடும். மீதி வித்தியாசம் தாமதத்தால் வருவது. Realtime பகுதியில் தெரிவது மதிப்பீடு. சரிபார்த்த எண் வர ஓரிரு நாள் ஆகும்.

ஒரு மசாலா நிறுவனம் ‘ஒரு வியூவுக்கு இவ்வளவு’ என்று பேசுகிறது. எந்த எண்ணைக் கொடுப்பது?

ஷார்ட்ஸுக்கு Engaged views, நீள வீடியோவுக்கு வியூஸும் சராசரிப் பார்வை நேரமும். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுக்காதீர்கள். வெளியிலிருந்து பார்க்கும் அவர்களுக்கு Engaged views தெரியாது, அதனால் Advanced mode திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள். எந்த எண், எத்தனை நாளுக்குள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ‘வியூ’ என்று மட்டும் எழுதினால், பணம் கொடுக்கும் நாளில் நீங்கள் ஒன்றை நினைத்திருப்பீர்கள், அவர்கள் வேறொன்றை நினைத்திருப்பார்கள்.