சாட் கருவி முன்பு சொன்ன படிகளை ஏன் மறக்கிறது?

"அண்ணா, டிகிரி சர்டிபிகேட் அட்டெஸ்டேஷனுக்குப் படிப்படியாகச் சொல்லிக்கொண்டு வந்த சாட், திடீரென்று முதல் படியிலிருந்து ஆரம்பிக்கிறதே, ஏன்?"

தம்பி, சாட் கருவி ஒவ்வொரு பதிலுக்கும் அந்த உரையாடலை மறுபடி படித்துத்தான் எழுதுகிறது, ஆனால் ஒரே நேரத்தில் அது படிக்கக்கூடிய அளவுக்கு ஒரு வரம்பு உண்டு. சின்ன சிலேட்டு மாதிரி. இடம் தீர்ந்தால் மேலே இருப்பதை அழித்துத்தான் கீழே எழுத முடியும். தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிக இடம் பிடிப்பதால் நமக்குச் சீக்கிரமே நிரம்பிவிடும். புது சாட் திறந்தாலோ, பெரும்பாலும் வெறும் சிலேட்டுதான்.

நீ போக வேண்டியது அமீரகம். மாநில அரசு, இந்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், இங்கே அமீரகம் வந்ததும் இந்த நாட்டு வெளியுறவு அமைச்சகம், இதுதான் முத்திரை வாங்கும் வரிசை. நாட்டின் பெயரை ஆரம்பத்தில் மட்டும் சொல்லியிருந்தால் அதுவும் அழிந்திருக்கும். அப்போஸ்டில் என்பது தூதரக முத்திரை கேட்காத நாடுகளுக்கான சான்று; திடீரென்று தூதரகத்தை விட்டுவிட்டு "அப்போஸ்டில் போதும்" என்று சொன்னால், சாட் நாட்டை மறந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம், அதை நம்பிப் பணம் கட்டிவிடாதே.

அதனால் "அமீரகம், டிகிரி, மாநில முத்திரை முடிந்தது, அடுத்து வெளியுறவு அமைச்சகம்" என்று போனில் குறித்துவைத்து, ஒவ்வொரு முறையும் முதலில் அதை ஒட்டிவிட்டுக் கேள். பாஸ்போர்ட் எண் மட்டும் வேண்டாம்.

அப்புறம், "ஞாபகம் வைத்துக்கொள்" என்று சொன்னால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நினைவு வசதி உள்ள கருவிகள்கூடப் பெரும்பாலும் சில குறிப்புகளைத்தான் வைத்திருக்கும், பேசிய எல்லாவற்றையும் அல்ல.