ஓய்வு பெற்ற உங்கள் அப்பாவோ அம்மாவோ இணையத்தில் முகம் தெரியாத ஒருவரோடு நட்பானதுண்டா? அது எப்படித் தொடங்கியது?

என் அம்மாவுக்கு அப்படி ஒரு தோழி கிடைத்தார். சதுரங்க ஆப் வழியாக, அதிலும் ஒரு சிப்பாய் காணாமல் போனதால்.

அம்மா கும்பகோணம் பக்கத்தில் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சதுரங்கம் அவருக்குப் புதிதல்ல. சின்ன வயதில் தாத்தாவோடு திண்ணையில் ஆடியிருக்கிறார். ஆனால் தாத்தா சொல்லிக் கொடுத்தது நம் ஊர்ப் பழைய ஆட்டம். அதில் எந்தச் சிப்பாயும் ஒரு கட்டம்தான் நகரும், முதல் நகர்த்தலில்கூட இரண்டு கட்டம் கிடையாது. ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் சேர்த்து நகர்த்தும் கேஸ்ட்லிங் கிடையாது. அதற்குப் பதிலாக, செக் வாங்காத ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாவலாம். கடைசிக் கட்டத்தைத் தொட்ட சிப்பாய் எல்லாமே ராணியாகிவிடாது. எந்த வரிசையில் போய்ச் சேர்ந்ததோ அந்த வரிசைக்குரிய காயாகத்தான் மாறும். யானை நிற்கும் வரிசையில் போனால் யானை, குதிரை வரிசையில் போனால் குதிரை. ராஜா, ராணி வரிசைகளில் போனால் மட்டும் ராணி. ஊருக்கு ஊர் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு, இது எங்கள் வீட்டு வழக்கு.

2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று உலக சாம்பியன் ஆனபோது வீட்டில் எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். "எனக்கும் ஆடத் தெரியும்டா" என்று அம்மா சொன்னார். அன்று மாலையே அவர் போனில் Lichess போட்டுக் கொடுத்தேன். காசு இல்லை, விளம்பரமும் இல்லை. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

முதலில் பத்து நிமிட ஆட்டங்கள்தான் ஆடினார். ஒருவருக்கு மொத்தமே பத்து நிமிடம். அம்மா ஒரு நகர்த்தலுக்கே இரண்டு நிமிடம் யோசிப்பவர். நல்ல நிலையில் இருந்துகொண்டே நேரம் தீர்ந்து தோற்றார். அந்த ஆப்பில் எல்லோருக்கும் மதிப்பெண் 1500-ல் தொடங்கும். புதியவர்களுக்கு ஒவ்வொரு தோல்விக்கும் அது வேகமாக இறங்கும். வாழ்நாள் முழுக்க மதிப்பெண் போட்டவருக்கு அது வலித்தது. அதே ஆப்பில் 'கரெஸ்பாண்டன்ஸ்' என்று ஒரு வகை உண்டு, தபாலில் ஆடிய காலத்து ஆட்டம் மாதிரி. ஒரு நகர்த்தலுக்கு மூன்று நாள் என்று வைத்தேன். அம்மாவுக்கு அதுதான் சரியாக வந்தது. காலையில் காபி குடிக்கும்போது பார்ப்பார், பகலெல்லாம் யோசிப்பார், ராத்திரி நகர்த்துவார்.

அந்த வகையில் ஆடிய ஆரம்ப ஆட்டங்களில் ஒன்றில்தான் அது நடந்தது. எதிராளி வெள்ளை, ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை e4 என்ற கட்டத்தில் வைத்தார். அம்மா தன் ராஜாவுக்கு முன்னால் இருந்ததை e6-ல் வைத்தார். எதிராளி அதே சிப்பாயை e5-க்குத் தள்ளினார். அம்மா ராணிக்கு முன்னால் இருந்த சிப்பாயைத் தொட்டார். இரண்டு கட்டம் போகலாம் என்று ஆப்பே புள்ளி வைத்துக் காட்டியது. இந்தப் புது வசதியில் அவருக்கு ஒரு சந்தோஷம், d5 என்று வைத்துவிட்டார். மறுநாள் காலை பார்த்தால் அந்தச் சிப்பாயைக் காணோம். எதிராளியின் சிப்பாய் d6-ல் நிற்கிறது. அங்கே அம்மாவின் காய் எதுவும் இருந்ததே இல்லை. காலியான கட்டத்துக்குச் சாய்வாகப் போய், பக்கத்துக் கட்டத்தில் நின்ற காயை எப்படி வெட்ட முடியும்?

ஆப் கெட்டுப்போய்விட்டது என்று என்னைக் கூப்பிட்டார். நான் போய்ப் பார்ப்பதற்குள் ஆட்டத்தின் பக்கத்திலேயே இருக்கும் அரட்டைப் பெட்டியில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிவிட்டார்: ஐயா, நீங்கள் ஆடியது தவறான நகர்த்தல், தயவுசெய்து திருத்தவும்.

என்ன பதில் வருமோ என்று எனக்குக் கவலையாக இருந்தது. இணையத்தில் இதற்குப் பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாக வரும். ஆனால் எதிரில் இருந்தவர் உட்கார்ந்து நீளமாக எழுதியிருந்தார். முதலில், தான் ஐயா அல்ல, அம்மா. ஜார்ஜியாவில் குடாயிசி நகரத்தில் இருக்கிறார், ஓய்வு பெற்ற நர்ஸ். அப்புறம் அந்த விதியை விளக்கியிருந்தார். அதன் பெயர் ஆன் பாசான். பழங்காலத்தில் சிப்பாய் ஒரு கட்டம்தான் நகரும். ஆட்டம் வேகமாகட்டும் என்று பிற்பாடு ஐரோப்பாவில் முதல் நகர்த்தலுக்கு மட்டும் இரண்டு கட்டம் கொடுத்தார்கள். அதனால் ஒரு சிக்கல் வந்தது. ஒரு கட்டம் நகர்ந்திருந்தால் வெட்டுப்பட வேண்டிய சிப்பாய், இரண்டு கட்டம் தாண்டி எதிரியின் சிப்பாயிடமிருந்து தப்பித்துவிடும். அந்தத் தப்பித்தலை அடைக்கத்தான் இந்த விதி. "உங்கள் சிப்பாய் d6-ல் ஒரு கணம் நின்றது என்று நினைத்துக்கொள்ளுங்கள், அங்கேதான் நான் அதை வெட்டினேன். ஆனால் உடனே அடுத்த நகர்த்தலிலேயே வெட்ட வேண்டும், தள்ளிப்போட்டால் உரிமை போய்விடும்."

அம்மா அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். அவர் முகம் மாறியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. வகுப்பில் ஒரு தேற்றத்துக்கு நிரூபணம் பிடிபட்ட மாணவி மாதிரி. "அப்படின்னா எங்க அப்பா சொன்ன ஆட்டம் இதுக்குள்ளயே இருக்கு" என்றார். நான் அப்படி யோசித்ததே இல்லை. பழைய ஒரு கட்ட விதியின் நியாயத்தைப் புது ஆட்டத்திலும் காப்பாற்றி வைத்திருப்பது இந்த ஒரு விதிதான். d6-ல் வந்து நின்ற சிப்பாயை மந்திரியால் வெட்டி அம்மா கணக்கைச் சரி செய்தார். ஆட்டத்தில் தோற்றார், ஆனால் அதற்குள் பேச்சு வளர்ந்துவிட்டது.

தாத்தாவின் விதிகளை எல்லாம் அம்மா எழுதி அனுப்பினார். அந்த அம்மாவுக்குச் சுல்தான் கானைத் தெரிந்திருந்தது. பழைய இந்திய விதிகளில் ஆடி வளர்ந்து, 1929-ல் இங்கிலாந்து போய் அதே வருடம் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனவர். 1932, 1933 என்று மறுபடியும் அந்தப் பட்டத்தை வென்றார். அவர் ஆடிய ஆட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை, சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டார். ஓய்வு பெற்ற ஆசிரியரிடம் இதைக் கேட்டால் போதாதா? தமிழ்நாட்டு டீச்சர் ஜார்ஜியாக்காரருக்குச் சதுரங்கம் சொல்லித் தர ஆரம்பித்தார். மகளிர் உலக சாம்பியனாக இருந்த நோனா கப்ரின்டாஷ்விலியின் நாடு அது.

முன்பின் தெரியாத ஆள் என்பதால் நான் சில விஷயங்களைப் பார்த்தேன். அந்தக் கணக்கு பல வருடப் பழையது, ஆடிய ஆட்டங்கள் எல்லாம் பக்கத்திலேயே தெரிகின்றன. வேறு ஆப்புக்கு வாருங்கள், போன் நம்பர் கொடுங்கள், இதில் பணம் போடுங்கள் என்ற பேச்சே வரவில்லை. ஏமாற்றுபவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுக்குச் சீக்கிரம் வந்துவிடுவார்கள். கொஞ்ச நாளில் நான் பார்ப்பதை விட்டுவிட்டேன். தன்னைவிட மூத்தவர் என்று தெரிந்ததும் அம்மா அவரை 'அக்கா' என்றே எழுத ஆரம்பித்தார். அந்த வார்த்தையை அவரும் பிடித்துக்கொண்டார்.

ஒருமுறை அக்காவிடமிருந்து நகர்த்தல் வரவில்லை. மூன்று நாள் முடிந்ததும் ஆப் தானாகவே ஆட்டத்தை முடித்து அம்மாவுக்கு வெற்றி என்று காட்டியது. அந்த வெற்றியைப் பார்த்து அம்மா கலங்கிப்போனார். இப்படிப்பட்ட நட்பில் இதுதான் கஷ்டம். விசாரிக்க ஒரு பக்கத்து வீடு கிடையாது, ஓடி நிற்கும் கடிகாரம் மட்டும்தான் செய்தி சொல்லும். பிறகு ஒரு நாள் பதில் வந்தது. திராட்சை அறுவடைக்கு மகள் வீட்டுக் கிராமத்துக்குப் போயிருந்தாராம், அங்கே இணையம் சரியாக இல்லை. விட்ட இடத்திலிருந்தே ஆடலாமா என்று அம்மா கேட்டார். முடிந்த ஆட்டத்தின் நிலையிலிருந்து புது ஆட்டம் தொடங்க அதில் வழி இருக்கிறது, Continue from here என்று வரும். அப்படியே தொடர்ந்தார்கள்.

2025 ஜூலையில் மகளிர் உலகக் கோப்பை ஜார்ஜியாவின் பதூமி நகரில் நடந்தது. இறுதிப் போட்டியில் கோனேரு ஹம்பியும் திவ்யா தேஷ்முக்கும். நேரடி ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் எழுதிக்கொண்டார்கள். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம்தான் பின்னால், அதனால் தூக்கம் கெடவில்லை. திவ்யா ஜெயித்ததும் அக்கா எழுதியது: "எங்கள் ஊருக்கு வந்து கோப்பையை உங்களுக்குள்ளேயே பிரித்துக்கொண்டீர்கள். வாழ்த்துகள்."

பழைய விதி ஆட்டத்தை ஆப்பில் ஆட முடியாது, ராஜாவைத் தாவ விடாது. அதனால் இருவரும் வீட்டில் பலகை வைத்துக்கொண்டு, நகர்த்தலை மட்டும் செய்தியாக அனுப்புகிறார்கள். முதல் ஆட்டத்தில் அக்கா வெள்ளை, d3, e3 என்று அமைதியாகத் தொடங்கினார். அம்மா e6 வைத்துவிட்டு இரண்டாவது நகர்த்தலிலேயே மந்திரியை b4-ல் இறக்கிச் செக் கொடுத்தார். வழக்கமான சதுரங்கத்தில் இது வீண் செக். சிப்பாயை c3-க்குத் தள்ளினால் மந்திரிதான் பின்வாங்க வேண்டும், செக்கை இப்படி அடைத்த ராஜா பிறகு கேஸ்ட்லிங்கும் செய்துகொள்ளலாம். இங்கே கதை வேறு. ஒருமுறை செக் வாங்கியதால் ராஜாவின் தாவும் உரிமை ஆட்டம் முடியும்வரை போய்விட்டது. ஒரு நகர்த்தலை இழந்து எதிரி ராஜாவை நடுவிலேயே கட்டிப் போட்டார் அம்மா. திண்ணையில் தாத்தா அவருக்குச் செய்தது இதுதானாம்.

அப்படியும் ஜெயிக்கவில்லை. கடைசியில் அம்மாவிடம் ராஜாவும், b, d வரிசைகளில் ஒவ்வொரு சிப்பாயும். அக்காவிடம் ராஜாவும் ஒரு மந்திரியும். அக்கா மந்திரியைக் கொடுத்து d சிப்பாயை வெட்டிக்கொண்டார். மற்றபடி இது கை தூக்க வேண்டிய நிலை, மிச்சமுள்ள சிப்பாய் ராணியாகிவிடும். ஆனால் b என்பது குதிரை வரிசை. அந்தச் சிப்பாய் குதிரையாகத்தான் மாறும், ஒற்றைக் குதிரையை வைத்து மேட் செய்ய முடியாது. டிரா.

"நான் சொல்லிக் கொடுத்த விதியை வச்சே தப்பிச்சுட்டாங்க" என்று அம்மா தெருவில் எல்லோரிடமும் சொன்னார். இப்போது இரண்டாவது ஆட்டம் ஓடுகிறது, அம்மா வெள்ளை. இந்தத் தடவை அக்கா முதலிலேயே ராஜாவைத் தாவ வைத்துவிட்டார்.