காலண்டரை ஏன் எடுத்தீர்கள்?

"அண்ணா, நான் நீடாமங்கலம் பக்கம். நெல் அறுவடை மெஷினை முன்பதிவு செய்ய ஒரு ஆப் டிசைன் செய்து, போர்ட்ஃபோலியோவில் 14 ஸ்கிரீன் போட்டிருக்கிறேன். பார்ப்பவர்கள் 'அழகா இருக்கு' என்கிறார்கள், இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவதில்லை. 'புராசஸைக் காட்டு' என்கிறார் ஒரு சீனியர். நோட்டில் கிறுக்கியதை எல்லாம் போட வேண்டுமா? சில பக்கங்களை அனுப்பியிருக்கிறேன்."

எல்லாம் வேண்டாம். நீங்கள் அனுப்பியதில் நான்காவது படம் போதும். ஆறு கட்டம் வரைந்து, நடுக்கட்டத்தைச் சுழித்து, "வழி இல்ல, முன்வயல் அறுத்தாதான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் கேஸ் ஸ்டடி. 14 ஸ்கிரீனில் அதன் சுவடே இல்லை.

டெல்டாவில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. நடுவயல்காரர் எந்தத் தேதி குறித்தாலும், முன்வயலில் கதிர் நிற்கும்வரை மெஷின் உள்ளே போக முடியாது. அதனால்தான் நீங்கள் காலண்டரை எடுத்துவிட்டு, "உங்களுக்கு முன் 3 வயல்" என்று வரிசை காட்டும் ஸ்கிரீனை வைத்திருக்கிறீர்கள். ஆனால் பெங்களூரில் உட்கார்ந்து பார்க்கும் டிசைன் மேனேஜருக்கு வரப்பும் தெரியாது, முன்வயலும் தெரியாது. அவர் கண்ணில் படுவது தேதி கேட்காத ஒரு முன்பதிவு ஆப். காலண்டர் வைக்க மறந்துவிட்டார் போல என்று நினைத்து அடுத்த ஆளின் பக்கத்துக்குப் போயிருப்பார். உங்களுடைய நல்ல முடிவே, காரணம் சொல்லாததால் தப்பு மாதிரி தெரிகிறது.

சரி, எப்படி எழுதுவது? மேலே நான்கே வரி: யாருக்கான ஆப், என்ன சிக்கல், இதில் உங்கள் வேலை எது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது. ஆப் இன்னும் வெளியாகவில்லை என்றால் அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் நேராகக் காலண்டர் கதைக்கு வாருங்கள். உங்கள் குறிப்புகளையே கோத்து எழுதிப் பார்த்தேன்:

"முதலில் பஸ் டிக்கெட் போல, தேதி தேர்ந்தெடுக்கும்படி வைத்தேன். பேப்பரில் வரைந்து ஐந்து விவசாயிகளிடம் காட்டியபோது நான்கு பேர் தேதியைத் தொடவே இல்லை. 'பக்கத்து வயல் என்னைக்கு அறுக்குறாங்க?' என்று கேட்டார்கள். தேதியைக் கட்டாயம் இல்லை என்று மாற்றலாமா என யோசித்தேன். தேதி போட்டவர் அன்று மெஷின் வரும் என்று நம்பிக் காத்திருப்பார் என்பதால் விட்டுவிட்டேன். கடைசியில் ஒரே வழியில் இருக்கும் வயல்களைச் சேர்த்து வரிசையாக்கினேன். இதனால் ஒரு நஷ்டம் உண்டு: என்றைக்கு அறுவடை என்று யாருக்கும் உறுதியாகச் சொல்ல முடியாது. மழை பெய்தால் வரிசை அப்படியே நிற்கும்."

இதன் பக்கத்தில் மூன்றே படம் வையுங்கள்: கைவிட்ட காலண்டர் ஸ்கிரீன், நான்காவது நோட்டுப் பக்கம், இப்போதைய வரிசை ஸ்கிரீன். படத்தின் கீழே "வயர்ஃபிரேம் 2" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "தேதிக்குப் பதில் வரிசை: நடுவயலுக்குத் தனி வழி இல்லை" என்று எழுதுங்கள். அவசரமாகப் பார்ப்பவர்கள் தலைப்பையும் படத்தின் கீழ் வரியையும் மட்டும்தான் படிப்பார்கள். அந்த நஷ்ட வரியைத் தூக்கிவிடாதீர்கள். இன்டர்வியூவில் அடுத்த கேள்வி அங்கிருந்துதான் வரும், அதற்குப் பதிலும் உங்களிடம்தான் இருக்கிறது.

ஐந்தில் நால்வர் என்பதை "80 சதவீதம்" ஆக்காதீர்கள். அனுபவமுள்ளவர் உடனே "எத்தனை பேரிடம் கேட்டீர்கள்?" என்பார்.

இரண்டாவதாக, நிலத்தின் அளவை ஏக்கரில் கேட்காமல் மாவில் கேட்டிருப்பதும் நல்ல முடிவுதான். அதற்கு ஒரு படமும் இரண்டு வரியும் போதும். ஒரு மா என்பது சுமார் 33 சென்ட் என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வெளியூர்க்காரர் எழுத்துப்பிழை என்று நினைப்பார்.

மற்ற 12 ஸ்கிரீனைக் கடைசியில் சின்னதாக அடுக்கிவிடலாம். இணையத்தில் எடுத்த சிரித்த முகத்தோடு "விவசாயி, வயது 45" என்று ஒரு பெர்சோனா வைத்திருக்கிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள். நிஜமாகவே ஐந்து பேரிடம் பேசியவருக்கு அது எதற்கு? கலர் கலராக ஒட்டிய ஸ்டிக்கி நோட் படமும் அப்படித்தான். அதில் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. "அறுவடை மெஷின்" என்ற சொல்லை அழித்துவிட்டு "சலூன்" என்று போட்டுப் படியுங்கள். "பயனர்களின் தேவையைப் புரிந்து எளிமையாக வடிவமைத்தேன்" மாதிரி வரிகள் அப்போதும் அப்படியே பொருந்தும். பொருந்துகிற வரியை எல்லாம் அடித்துவிடுங்கள்.

இன்னொன்று, நான்காவது படத்தின் ஓரத்தில் மெஷின் டிரைவரின் போன் நம்பர் தெரிகிறது. போடுவதற்கு முன் அதை மறைத்துவிடுங்கள்.