முட்டை மூழ்கினால் நல்லதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

டப்பாவில் போட்ட தேதி முடிந்து 8 நாள் ஆகிவிட்டது. வாங்கியதிலிருந்து ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது. தூக்கிப் போடவா?

வேண்டாம். அந்தத் தேதி பெரும்பாலும் தரத்துக்கானது. அதைத் தாண்டியதும் வெள்ளைக்கரு நீர்த்துப் பரவும், மஞ்சள்கரு எளிதில் உடையும், அவ்வளவுதான். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விடாமல் இருந்த முட்டையை ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்து, நாற்றமோ நிறமாற்றமோ இல்லையென்றால் சமைக்கலாம். ஆனால் இரு கருவும் கெட்டியாகும்வரை வேகவேண்டும். அரைவேக்காட்டுக்கு இந்த முட்டை ஆகாது.

தண்ணீரில் போட்டேன், அடியில் படுத்துவிட்டது. அப்படியானால் பாதுகாப்பானதுதானே?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஓட்டின் நுண்துளைகள் வழியாக நாள்தோறும் ஈரம் ஆவியாகிறது. அந்த இடத்தில் காற்று புகுவதால், மழுங்கிய முனையில் உள்ள காற்றறை பெரிதாகிறது. அதனால்தான் புது முட்டை படுக்கிறது, பழையது நிமிர்ந்து நிற்கிறது, மிகப் பழையது மிதக்கிறது. ஆக, இந்தச் சோதனை சொல்வது வயதை மட்டுமே.

சால்மோனெல்லா கிருமிக்கு எடையும் இல்லை, நாற்றமும் இல்லை. கோழியின் உடலுக்குள்ளேயே, ஓடு உருவாகும் முன்பே அது முட்டைக்குள் சேர்ந்துவிடக்கூடும். 2 நாள் வயதான இரண்டு முட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்று ஃப்ரிட்ஜில் இருந்தது, மற்றது வெயில் படும் ஜன்னலோரம். தண்ணீரில் இரண்டும் மூழ்கும். ஆனால் வெப்பத்தில் மஞ்சள்கருவைச் சுற்றியுள்ள சவ்வு தளர்ந்து, அதன் சத்து வெள்ளைக்கருவுக்குக் கசிகிறது. உள்ளே கிருமி இருந்தால் அதற்கு அது உணவாகிவிடும். குளிரில் சவ்வு உறுதியாக நிற்கும், கிருமியும் பெருகாது.

மிதக்கும் முட்டை கெட்டேவிட்டது என்றும் பொருளில்லை. உடைத்து முகர்ந்து பாருங்கள், சந்தேகமிருந்தால் விட்டுவிடுங்கள். இன்னொன்று: தண்ணீரில் போட்ட முட்டையை மறுபடி அடுக்கி வைக்காதீர்கள். குளிர்ந்த நீரில் உள்ளிருப்பது சுருங்கும்போது, ஓட்டின் மேலிருக்கும் அழுக்கு துளை வழியே உள்ளிழுக்கப்படும்.

கடையிலிருந்து வரும் வழியில் இரண்டு முட்டை விரிசல் விட்டுவிட்டது.

கசிவு தொடங்காவிட்டால், வீடு வந்ததும் சுத்தமான பாத்திரத்தில் உடைத்து ஊற்றி, மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். 2 நாளுக்குள் நன்றாக வேகவைத்துத் தீர்த்துவிட வேண்டும். ஓட்டோடு வைத்தால் விரிசல் வழியே கிருமி உள்ளே போகும். எப்போது விரிந்தது என்றே தெரியாவிட்டால் எறிந்துவிடுங்கள். வேகும்போது விரிசல் விட்டதைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முட்டைகளை இரவெல்லாம் மேடையில் மறந்துவிட்டேன்.

எறிவதே சரி. குளிர்ந்த ஓடு வெளியே வந்ததும் வியர்க்கும். அந்த ஈரத்தில் கிருமி எளிதாக உள்ளே நகரும். 2 மணி நேரத்துக்குள் திரும்ப வைத்திருந்தால் பயமில்லை. ஃப்ரிட்ஜின் கதவில் வைப்பதையும் தவிருங்கள், திறக்கும்போதெல்லாம் சூடேறுவது அங்கேதான்.