மாங்காய் நறுக்கினாலும் முந்திரிக்கொட்டை உடைத்தாலும் தோல் கொப்புளிப்பது ஏன்?

கேள்வி: எனக்கு 34 வயது. சேலத்தில் பிறந்து நாகர்கோவிலில் வாழ்க்கைப்பட்டவள். சில ஆண்டுகளாகவே ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கினால் விரலிடுக்கில் அரிக்கும், உதட்டைச் சுற்றித் தடிக்கும். சூட்டு உடம்பு என்று விட்டுவிட்டேன். இந்த ஏப்ரலில் மாமியாரோடு உட்கார்ந்து முதன்முறையாகப் பச்சைக் கொல்லாங்கொட்டை வெட்டினேன். மூன்றாம் நாள் காலையில் கண்ணிமை வீங்கி, முழங்கை வரை கொப்புளம். ஊசி போட்டதும் அடங்கி, நான்கு நாளில் திரும்பவும் வந்துவிட்டது. மாமியாருக்கு விரல் கறுத்ததோடு சரி. முதன்முறை தொட்டதற்கே ஏன் இப்படி? இனி மாம்பழமும் முந்திரிப்பருப்பும் சாப்பிடலாமா? என் ஆறு வயது மகளுக்கும் வருமா?

பதில்: முந்திரிக்கொட்டையை நீங்கள் தொட்டது முதன்முறையாக இருக்கலாம். ஆனால் அதிலுள்ள பொருளை உங்கள் தோல் முன்பே அறிந்து வைத்திருக்கிறது. அறிமுகம் செய்து வைத்தது மாங்காய். மாவும் முந்திரியும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சித்த மருத்துவத்தில் சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்று சொல்லப்படும் சேங்கொட்டையும் அதே குடும்பம்தான். இம்மரங்களின் பாலிலும் பிசினிலும், பழத்தோலிலும் கொட்டையின் ஓட்டிலும் எண்ணெய்த் தன்மையுள்ள ஒருவகைப் பீனால் சேர்மங்கள் இருக்கின்றன. மாம்பழத் தோலில் இருப்பது ரிசார்சினால் என்னும் வளையத்தோடு 17 கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட வால் இணைந்த ஒரு சேர்மம். முந்திரி ஓட்டில் இருக்கும் கார்டாலில் அதே வளையம் இருக்கிறது. வாலின் நீளம் மட்டும் 15 கார்பன். நோயெதிர்ப்பு அணுக்கள் இந்தச் சிறு வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. எனவே ஒன்றுக்குப் பழகி ஒவ்வாமை கொண்டவர் மற்றொன்றை முதல் தடவை தொடும்போதே பழைய பகையைப் போல் எதிர்வினை காட்டுகிறார்.

கொழுப்பை விரும்பும் அந்த நீண்ட வாலின் உதவியால்தான் சேர்மம் தோலின் மேலடுக்கிலுள்ள கொழுப்புக்குள் எளிதில் ஊடுருவுகிறது. உள்ளே சென்றபின் அது தோலின் சொந்தப் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படி உருமாறிய புரதத்தை உடல் அந்நியப் பொருளாகக் கருதுகிறது. தோலிலுள்ள காவல் அணுக்கள் அதை நிணநீர்க் கணுக்களுக்கு எடுத்துச் சென்று டி அணுக்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டுகின்றன. ஒவ்வாமை உருவாகும் இந்த முதல் கட்டத்துக்குப் பத்து நாளோ அதற்கு மேலோ ஆகும், அப்போது பெரும்பாலும் வெளியே எதுவும் தெரியாது. அதன்பின் அந்தப் பொருள் மீண்டும் படும்போது, பழக்கப்பட்ட டி அணுக்கள் அந்த இடத்தில் திரண்டு அழற்சியை உண்டாக்க ஒன்று முதல் மூன்று நாள் எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் கொட்டை வெட்டிய மூன்றாம் நாள் காலையில் இமை வீங்கியது இந்தக் கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது. இந்தத் தாமதம்தான் பலரைக் குழப்புகிறது: முந்தாநாள் தொட்ட மாங்காயை விட்டுவிட்டு, நேற்று இரவு சாப்பிட்ட மீனையோ கத்தரிக்காயையோ சந்தேகிப்பார்கள்.

உங்கள் மாமியாருக்கு விரல் கறுத்ததற்குக் காரணம் வேறு. முந்திரி ஓட்டின் இரண்டு படலங்களுக்கு நடுவே தேன்கூட்டின் அறைகளைப் போன்ற அமைப்பில் நிறைந்திருக்கும் எண்ணெயில் பெரும்பங்கு அனகார்டிக் அமிலம். அதுவும் கார்டாலும் சேர்ந்து யாருடைய தோலையும் நேரடியாக அரித்துப் புண்ணாக்கக் கூடியவை. அதற்கு ஒவ்வாமை தேவையில்லை. முந்திரி ஆலைகளில் ஓடு உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலையோ எண்ணெயையோ தடவிக்கொள்வது இப்படிப் புண்ணாவதைத் தடுக்கத்தான். மாங்காய்க் காம்பைக் கிள்ளியதும் பீய்ச்சும் பாலும் அவ்வாறே சிலருக்கு நேரடியாகப் புண்ணாக்கும்.

இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. நேரடிப் புண் சில மணி நேரத்திலேயே எரிச்சலோடு தோன்றும். பால் வழிந்த தடத்தின் வடிவிலேயே கறுத்து, சில நாளில் உரிந்துவிடும். பட்ட இடத்தைத் தாண்டாது. ஒவ்வாமையில் எரிச்சலைவிட அரிப்பே மேலோங்கும். ஒரு நாளாவது கழித்துத்தான் வரும். சிவந்து தடித்து, நீர்கோத்த சிறு கொப்புளங்களாகி, பட்ட இடத்தின் எல்லையைக் கடந்து பரவும். உங்களுக்கு இமை முதலில் வீங்கியதற்கும் விளக்கம் உண்டு. உள்ளங்கைத் தோல் தடிமனானது, ஆகையால் எண்ணெய் நிறையப் பட்டாலும் அங்கே எளிதில் தடிப்பு வராது. அதே கையால் கண்ணைத் தேய்த்தால் உடலிலேயே மெல்லிய தோலான இமை முதலில் வீங்கும். குறைவாகப் பட்ட இடங்களிலும் தடித்த தோலிலும் கொப்புளம் ஓரிரு நாள் பிந்தி வரும். அதைப் பார்ப்பவர்கள் கொப்புளத்து நீரால் பரவுகிறது என்று அஞ்சுகிறார்கள். அது நம் உடலிலிருந்தே கசிந்த நீர், அதில் ஒவ்வாமைப் பொருள் இல்லை. அது பிறருக்கும் தொற்றாது.

சூட்டு உடம்பு என்னும் நம்பிக்கையையும் விட்டுவிடக் கேட்டுக்கொள்கிறேன். மாம்பழச் சூடுதான் காரணமென்றால், தோலைப் பல்லால் உரித்துச் சப்பிச் சாப்பிடுகிறவருக்கு உதட்டோரத்திலும் கன்னத்திலும் மட்டும் தடிப்பு வந்து, அதே பழத்தைத் துண்டாக்கி முள்கரண்டியால் சாப்பிடுகிறவருக்கு வராமலிருப்பதை விளக்க முடியாது. இந்த நம்பிக்கையால் ஆண்டுதோறும் தோலோடு தொடர்பு நீடித்து ஒவ்வாமை வலுப்பெறுகிறது என்பதே என் கவலை.

ஊசிக்குப் பின் மறுபடி வந்தது ஊசி வேலை செய்யாததால் அல்ல. போட்டது குறுகிய காலம் வேலை செய்யும் ஸ்டீராய்டாக இருந்தால் அதன் விளைவு இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும். தோலில் மூண்ட அழற்சியோ இரண்டு மூன்று வாரம் நீடிக்கும். முகமும் இரு கைகளும் பாதிக்கப்பட்டிருந்தால், மருத்துவர் மேற்பார்வையில் பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கி இரண்டு முதல் மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறைப்பதே சரியான முறை. நீரிழிவோ இரத்த அழுத்தமோ இருந்தால் முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். சிறிய இடத்தில் மட்டும் இருந்தால் மருத்துவர் எழுதித்தரும் ஸ்டீராய்டு கிரீமும், நாளில் சில முறை குளிர்ந்த நீரில் நனைத்த துணி ஒத்தடமும் போதும். இமையில் வலுவான கிரீம் தடவக்கூடாது. மருந்துக்கடையில் படர்தாமரைக்கும் ஒவ்வாமைக்கும் சேர்த்துக் கொடுக்கப்படும் கூட்டுக் கிரீம்களை வாங்காதீர்கள். அவற்றிலுள்ள வீரியமான ஸ்டீராய்டு முகத்தோலை மெலியச் செய்வதைத் தோல் மருத்துவர்கள் அன்றாடம் பார்த்து வருந்துகிறோம். அரிப்பு மாத்திரை தூக்கத்துக்கு உதவும், அழற்சியை ஆற்றாது. ஆறியபின் நம் நிறத் தோலில் கறுப்புத் தழும்பு சில மாதங்கள் தங்கும். தேய்க்காமல் விட்டால் தானே மங்கும்.

மாம்பழத்தை நீங்கள் கைவிட வேண்டியதில்லை. ஒவ்வாமைப் பொருள் பெரும்பாலும் பாலிலும் தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும் இருக்கிறது. பழத்தை வேறொருவர் சோப்பு நீரில் கழுவி, காம்புப் பக்கத்தைத் தாராளமாக வெட்டி எறிந்து, தோலைக் கனமாகச் சீவி, கத்தியையும் பலகையையும் கழுவிய பிறகு சதையை மட்டும் துண்டாக்கித் தரட்டும். முதல் முறை இரண்டு துண்டுகளோடு நிறுத்தி, மூன்று நாள் காத்திருந்து பார்த்துவிட்டுத் தொடருங்கள். மாவடுவும் தோலோடு போடும் ஆவக்காயும் உங்களுக்கு வேண்டாம். உப்பும் காரமும் அந்த எண்ணெயை அழித்துவிடும் என்று நம்பாதீர்கள். கையில் பால் பட்டுவிட்டால் துணியால் துடைக்காதீர்கள், அது எண்ணெயைப் பரப்பவே செய்யும். முதல் பத்து நிமிடத்துக்குள் சோப்பும் நிறைய நீரும் கொண்டு நகக்கண் உட்படக் கழுவினால் உள்ளே செல்லும் அளவு வெகுவாகக் குறையும்; நேரம் போகப்போகக் கழுவுவதன் பயன் குறைந்துகொண்டே போகும். மெல்லிய ரப்பர் கையுறையை இந்த எண்ணெய் ஊடுருவிவிடும் என்பதால் தடித்த வினைல் கையுறையே பாதுகாப்பு.

பச்சை முந்திரிக்கொட்டை வெட்டுவதை அடியோடு விட்டுவிடுங்கள். சுட்டு உடைத்தால் ஆபத்தில்லை என்று எண்ணவும் வேண்டாம். நெருப்பில் அனகார்டிக் அமிலத்தின் பெரும்பகுதி உருமாறினாலும் கார்டால் எஞ்சுகிறது. சுடும்போது எண்ணெய் தெறிக்கும், அதன் புகையும் முகத்தில் படும். கொல்லையில் யாராவது கொட்டை சுட்டால் புகை வரும் திசையில் நிற்காமல் உள்ளே போய்விடுங்கள். கடையில் வாங்கும் சுத்தமான பருப்பில் ஓட்டெண்ணெய் இராது, ஆகவே சாப்பிடலாம். ஆனால் கருத்த ஓட்டுத் துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 1982இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், மொசாம்பிக்கிலிருந்து இறக்குமதியான முந்திரிப்பருப்பைச் சாப்பிட்ட 54 பேருக்கு உடலில் தடிப்பு வந்தது. பொட்டலங்களில் ஓட்டுத் துண்டுகள் கலந்திருந்ததே அதற்குக் காரணம்.

உங்கள் மகளுக்கும் வரும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வாமை ஒவ்வொருவருக்கும் தொடர்பினால் தனித்தனியே உருவாவது. பிறக்கும்போதே தாயிடமிருந்து வருவதன்று. தோலோடு கடித்துச் சப்ப விடாமல் துண்டாக்கிக் கொடுத்து, வாயையும் கையையும் கழுவிவிட்டால் போதும். ஒன்றை மட்டும் வேறுபடுத்தி நினைவில் வையுங்கள்: பருப்பைத் தின்ற சில நிமிடங்களில் நாக்கோ தொண்டையோ வீங்கினால், மூச்சு இரைத்தால், வாந்தியெடுத்து உடலெங்கும் தடித்தால், அது ஓட்டெண்ணெயால் வருவதன்று. முந்திரியின் புரதத்துக்கு வரும் உடனடி ஒவ்வாமை அது. அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.

உறுதிப்படுத்திக்கொள்ள விரும்பினால், கொப்புளம் முழுதும் ஆறி, மாத்திரை நிறுத்திச் சில வாரங்கள் கழித்து, தோல் நோய்ப் பிரிவில் ஒட்டுச் சோதனை செய்துகொள்ளலாம். சந்தேகத்துக்குரிய பொருளைச் சிறிதளவு முதுகில் ஒட்டி, இரண்டாம் நாளும் நான்காம் நாளும் பார்ப்பார்கள். ஓட்டுத் துண்டையோ பச்சைப் பாலையோ வீட்டில் உடலில் வைத்துப் பார்க்கும் சோதனையைச் செய்யாதீர்கள். ஒவ்வாமை இல்லாதவருக்கே அது புண்ணாகும், முடிவும் எதையும் தெரிவிக்காது.